பெர்னார்ட் ஸ்கேன் செய்த பெட்டிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் மெக்கானிக் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "சீட் கவர் ராமலிங்கமா, அந்த ஆள் வாயில விழாதே" என்று. ஆனால் பக்கத்துக் கடை ஐரினிடம் மட்டும் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

ஐரினின் புருஷன் பெர்னார்ட் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். பிரேசர் டவுனிலிருந்து காலையில் ஸ்கூட்டரில் இருவரும் சேர்ந்து வருவார்கள். அவர் கவுண்டரில், அவள் பில் எழுதும் மேசையில். போன வருஷம் நெஞ்சுவலி வந்து மனிதர் பொட்டென்று போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. கடையை விற்றுவிட்டு அக்கா வீட்டோடு போய் இரு என்று எல்லோரும் சொன்னோம். "அவரு கடைண்ணா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மூன்று மாதத்தில் எந்த வண்டிக்கு எந்த கிளட்ச் பிளேட் என்று அத்துப்படியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்து சேர்ந்தது.

ஐரினுக்குச் சரக்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டரே எடுத்த வீடியோ. அவர்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் அதிதி என்ற பெண் ஒரு மேசையில் அசலையும் போலியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். அச்சு மங்கியிருக்கிறதா பாருங்கள், பெட்டி மேல் உள்ள நம்பரும் பொருள் மேல் குத்தியிருக்கிற நம்பரும் ஒன்றா பாருங்கள், ஹோலோகிராமைச் சாய்த்துப் பாருங்கள் என்றாள். எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். கடைசியில், "லேபிள்ல இருக்குற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க. பச்சை வந்தா அசல். ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டதுன்னு சிவப்பு வந்தா போலி, வண்டியில மாட்டாதீங்க" என்று முடித்தாள். வீடியோ மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் பரவிவிட்டது.

எங்கள் சந்தில் அதுவரை ஒருவனும் ஸ்கேன் செய்ததில்லை. பெட்டியைப் பல்லால் கிழித்துத் தூக்கி எறிகிற கூட்டம் அது. ஸ்கேன் செய்தால் மெக்கானிக்குக்குப் பாயிண்ட் ஏறும், பாயிண்ட் சேர்ந்தால் கம்பெனி பரிசு தரும் என்று எப்போதோ கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பிரியாணி தின்றுவிட்டு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

முதலில் ஸ்கேன் செய்தவன் குணசேகர். கோலார் தங்கவயல் பையன், அப்பா சுரங்கத்தில் இருந்தவர். ஐரின் கடையைத் தவிர வேறு எங்கும் ஒரு நட்டு கூட வாங்க மாட்டான். ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ மாற்ற அவன் ஷெட்டுக்கு வந்திருந்த சாந்தகுமாரி டீச்சர் முன்னால் பெருமையாக போனை நீட்டினான். "பாருங்க மிஸ், நம்ம கிட்ட எல்லாம் ஒரிஜினல்."

சிவப்பு வந்தது. இன்னொரு பெட்டி எடுத்தான். அதுவும் சிவப்பு.

"இத்தனை வருஷமா இதைத்தான் என் வண்டிக்கு மாட்டினியா?" என்று டீச்சர் கேட்டார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? அவர் இருக்கிற அபார்ட்மென்ட் முழுக்கச் செய்தி போனது. குணசேகருக்கு வேலையே அந்த அபார்ட்மென்ட்தான். ஒரு வாரத்தில் அவன் ஷெட் வெறிச்சோடிவிட்டது.

அவன் ஐரின் கடைக்கு வந்து பெட்டிகளைக் கவுண்டரில் வீசினான். "இன்னாக்கா இது? உன்ன நம்பித்தானே நான் இருந்தேன்! என்ன திருடன்றாங்கக்கா!" என்று கத்தினான். கத்தி முடித்து அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஐரின் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன் ரயானை வரவழைத்தாள். அவன் அலமாரியில் இருந்த சரக்கை எல்லாம் இறக்கி, பொருளின் நம்பர், ஹோலோகிராம், தங்கள் பில் என்று எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தான். "எல்லாம் பக்கா ஒரிஜினல் ஆன்ட்டி. ஒரு கியூஆர் கோடுல ஒரு வாட்டிதான் பாயிண்ட் ஏறும். யாரோ முன்னாடியே ஸ்கேன் பண்ணிட்டாங்க. அதான் ரெட் வருது. வீடியோல இதையும் சொல்லியிருக்கணும்."

"யார் பண்ணது?" என்று நான் எகிறினேன்.

ரயான் ஆபீஸுக்கு போன் போட்டு விசாரித்தான். பிறகு என்னைப் பார்த்தான், ஐரினைப் பார்த்தான், தயங்கித் தயங்கிச் சொன்னான். மெக்கானிக் என்று பதிவு செய்திருந்த ஒரு போன் நம்பர். பெர்னார்டின் நம்பர். அலமாரியில் இருந்ததெல்லாம் அவர் காலத்தில் வாங்கிய சரக்கு; வந்ததும் பெட்டி பெட்டியாக ஸ்கேன் செய்து, மெக்கானிக்குகளுக்குச் சேர வேண்டிய பாயிண்ட்டை மனிதர் தன் பேரில் ஏற்றியிருக்கிறார். ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை. பரிசுப் பட்டியலில் ஒரு வாஷிங் மெஷினைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாராம்.

ஐரின் தன் கைகளைப் பார்த்தாள். துணி துவைத்தால் மணிக்கட்டு வீங்கிவிடும் அவளுக்கு. "நான் கேக்கவே இல்லையே அவர்கிட்ட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ரயான் போனதும் நான் அவளிடம் சொன்னேன்: "இதை வெளிய விடாதே தாயி. கம்பெனி சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. செத்துப்போன மனுஷன் பேரை ஏன் கெடுக்கணும்?"

"ரெட் வந்தா போலின்னு வீடியோவே சொல்லுதுண்ணா. காரணம் சொல்லாம யாரு நம்புவாங்க? குணா பொழப்பு போயிடும்."

"போனா போகுது! வேற ஏரியால ஷெட் போட்டுக்குவான்."

"வண்டி ஓட்டுறவங்க பிரேக்க நினைச்சி பயந்துனு இருக்காங்க. அவன் திருடன் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தா நான் என்ன மனுஷி?"

அன்று சாயங்காலமே குழுவில் தன் குரலில் பேசிப் போட்டாள். சரக்கு அத்தனையும் அசல், பாயிண்ட் எடுத்தது என் வீட்டுக்காரர், அது தப்பு, அவருக்காக நான் மன்னிப்பு கேட்கிறேன், குணசேகர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றாள். குரல் ஓரிடத்தில் உடைந்தது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பேசியிருக்கலாம். அப்படியே அனுப்பிவிட்டாள்.

சாந்தகுமாரி டீச்சர் குணசேகரிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். வேலை திரும்பியது. மற்ற மெக்கானிக்குகளும் ஐரின் கடைக்கே வந்தார்கள். புதுச் சரக்கை அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு பெட்டியாக ஸ்கேன் செய்து, பச்சை வந்த பிறகுதான் பணத்தை எடுத்தார்கள். "நம்ம பாயிண்ட்ட சாப்ட்டுட்டாரே பெர்னார்டண்ணா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஒருநாள் கெட்ட வார்த்தையில் நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். என்ன பயன்? நான் நகர்ந்ததும் மறுபடி சிரித்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. சந்து முழுக்க வாழைக்கன்று கட்டி, நடுவில் மேசை போட்டு, ஸ்பானர் செட்டுகளுக்கு மேலே சந்தில் தவறிப்போனவர்களின் போட்டோக்களை வரிசையாக வைப்பது எங்கள் வழக்கம். இந்து, கிறிஸ்தவர், துலுக்கர் என்று அதில் பேதம் கிடையாது. பெர்னார்ட் போய் முதல் பூஜை. அவருடைய போட்டோவை குணசேகர் முன்பே கேட்டு வாங்கிப் போயிருந்தான்.

ஐரின் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தாள். மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பெர்னார்டைக் காணோம்.

"எல்லாரும் வேணான்னு சொல்லிட்டாங்கக்கா" என்றான் குணசேகர், தரையைப் பார்த்தபடி. "நான் ஒருத்தன் இன்னா பண்றது?"

நான் வாயைத் திறக்கப் போனேன். ஐரின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரையும் திட்டாதீங்கண்ணா. அவரை இந்த மேசையிலருந்து அவங்க எடுக்கல. அன்னிக்கு குழுவுல பேசி நான்தான் எடுத்தேன்" என்றாள்.

குணசேகரிடமிருந்து போட்டோவை வாங்கி பூவோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு நடுவே கடைக்குப் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டாள். உள்ளிருந்து அவள் அழுவது பக்கத்துக் கடையில் எனக்குக் கேட்டது.