மஹ்ரூபின் அருவருப்பு

மாத்தளை மஹ்ரூபுக்குச் சோற்றில் முடி கிடந்தால்கூட இவ்வளவு முகம் சுளிக்காது. 1974இல், கொழும்பு கம்ப்யூட்டர் நிலையத்தில் அவன் சுளித்தது தன் சொந்தப் புரோகிராமைப் பார்த்து.

மாத்தளை மாவட்ட மிளகுச் செய்கையாளர்கள் ஆறாயிரம் பேரின் துளை அட்டைகளை மெஷினில் போட்டு, எண் வரிசையில் பட்டியல் அச்சடிக்க வேண்டும். சரியாய் நடந்தால் வேலை நிரந்தரம். பிசகினால் மூட்டை கட்டி ஊருக்கு. முதல் அட்டையின் எண்ணைப் பிடித்து, அதைவிடச் சின்னதை இடப்பக்கமும் பெரியதை வலப்பக்கமும் தள்ளி, ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி அப்படியே பிரிப்பது அவன் முறை. கலைந்த ஆறாயிரம் அட்டையில் சோதித்தபோது வரிசைப்படுத்தல் நிமிஷத்துக்குள் முடிந்தது.

அசல் அட்டைகளைப் போட்டான். ஒதுக்கிய ஒரு மணி நேரமும் போயிற்று. மெஷின் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என் மாமியாரே கையால அடுக்கிடுவா," என்றார் மேலதிகாரி சிவலிங்கம். "நாளைக்குக் காலையில முடியலேன்னா, நீங்க கெளம்பலாம்."

மஹ்ரூப் ஒவ்வொரு பிரிவின் அளவையும் அச்சடிக்கச் சொன்னான். இடம் 0, வலம் 5999. இடம் 0, வலம் 5998. இடம் 0, வலம் 5997. ஒரு பக்கம் எப்போதும் வெறுமை. அட்டைகளை அனுப்பிய மாத்தளை அரசாங்கக் கந்தோருக்குப் போன் போட்டான். அங்குள்ள எழுத்தர் எடுத்தார்.

"பதுர்தீன் நானா, அட்டைய வரிசைப்படுத்தியா அனுப்பினீங்க?"

"பின்ன? மூணு கெழம, இருபத்தொரு நாளா குந்தி அடுக்கினேன் தம்பி. கொழும்பாளுக்கு முன்னுக்கு நம்ம ஊரு மானம் போகப்படாதே!"

ஏற்கெனவே வரிசையில் இருந்தால் முதல் அட்டைதான் எப்போதும் ஆகச் சின்னது. ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் கழியும். ஒரு கோடியே எண்பது லட்சம் ஒப்பீடு. ஒழுங்காய் வேலை செய்தவனையே தண்டிக்கும் புரோகிராம். "த்தூ," என்றான், தனக்குத்தான்.

மறுநாள் காலை, முதல் அட்டைக்குப் பதில், பிரிக்கும் பகுதிக்குள் எங்கிருந்தாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்க மாற்றினான்.

"அரசாங்க வேலைய லாட்டரிச் சீட்டாக்கிறீங்களா?" என்றார் சிவலிங்கம்.

"விடை மாறாது சேர். நேரம்தான் சீட்டு. எல்லாத் தடவையும் ஓரத்து அட்டையே வாறதுக்கு, நம்ம ரெண்டு பேருக்கும் அவ்வளவு கெட்ட நசீபு இருக்கோணும்."

நிமிஷத்துக்குள் வரிசை முடிந்து அச்சு தொடங்கியது. முந்தின நாள் தாமதத்துக்குச் சிவலிங்கம் அறிக்கை எழுதினார்: 'மாத்தளைக் கந்தோர் அட்டைகளில் கோளாறு.' கையெழுத்துக்கு நீட்டினார்.

மஹ்ரூப் அந்தத் தாளைச் சப்பிய வெற்றிலை எச்சில்போலப் பார்த்தான்.

"அட்டையில கோளாறு இல்ல சேர். என்னிலதான்."

"அப்படி எழுதினா உங்க நிரந்தரம் ஆறு மாசம் தள்ளிப்போகும், தெரியுமா?"

"தெரியும்."

'மாத்தளைக் கந்தோர் அட்டைகளில்' என்பதை அடித்துவிட்டு, அங்கே தன் பெயரை எழுதினான்.