இல்லை என்று சொல்வதற்கு ஒருத்தி

பாண்டி பஜாரில் 12பி பஸ் ஏறியதும் அஃப்சருன்னிசா டிக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொள்வாள். பின்பக்கம் வெள்ளை. விரல் நீளந்தான் இருக்கும். ரவிக்கைத் துணிக்கடையில் பில் போடும் அதே பேனாவால் அதில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவாள். டிக்கெட்டுக்குள் அடங்காவிட்டால் வாக்கியத்தில்தான் கோளாறு என்பது அவள் கணக்கு. எழுதியதை இரண்டு முறை படிப்பாள். பிறகு தனக்குள் கேட்டுக்கொள்வாள்: இதை யாராவது இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் டிக்கெட்டை நாலாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டுவிடுவாள். செக்கிங் வந்தால் என்ன செய்வாள் என்று கண்டக்டர்தான் கவலைப்படுவார்.

1994இல் எம்.ஏ. தமிழ் முடித்திருந்தாள். காலையில் குலாம் முகம்மதுவின் மேட்சிங் சென்டரில் வேலை. புடவையோடு வரும் பெண்களுக்கு முந்நூறு சிவப்பிலிருந்து ஒரு சிவப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைக்குள் சரியாகத் தெரிந்த சிவப்பு வாசலுக்குப் போனால் வேறாகிவிடும். அதனால் எந்தத் துணியையும் வெயிலில் காட்டாமல் அவள் வெட்ட மாட்டாள்.

படித்த கல்லூரியிலேயே எம்.ஃபிலுக்கு ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அடுத்த ஜூனில் நுழைவுத் தேர்வு: ஒரு நாவல், ஒரு கட்டுரை, மூன்று மணி நேரம், அடுத்த வாரம் நேர்காணல். அந்த இடம் கிடைத்தால் உதவித்தொகையும் உண்டு. கிடைக்காவிட்டால் கத்தரிக்கோலும் அளவுக் கம்பும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பாடமாக வைத்த நாவலின் பெயர் 'வடக்குச் சன்னல்'. அப்பா இறந்தபின் அண்ணன், தங்கைக்குத் தெரியாமல் வீட்டை விற்கிறான். தங்கை கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாடகை வீட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

"இந்நாவல் குடும்பச் சிதைவைச் சித்திரிக்கிறது." இது அவளுடைய முதல் டிக்கெட். யார் மறுப்பார்கள்? கிழிந்தது. "ஆசிரியர் தங்கையை உருக்கமாகப் படைத்துள்ளார்." பாராட்டு, வாதமில்லை. அதுவும் கிழிந்தது.

சனிக்கிழமை மாலைகளில் லஸ்ஸுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஸ்ரீலக்ஷ்மி காத்திருப்பாள். இருவரும் எம்.ஏ.வில் ஒரே பெஞ்ச். இப்போது அந்த ஒரே இடத்துக்கும் இருவரும்தான். அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது: அஃப்சர் எதைச் சொன்னாலும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"எனக்குன்னு வாய்ச்ச உத்யோகம் பாரு," என்பாள் ஸ்ரீலக்ஷ்மி. "ஆத்துல கூட நான் இவ்ளோ இல்லைங்கறதில்லை."

ஏழாவது சனிக்கிழமை அஃப்சர் கிழிக்காத டிக்கெட் ஒன்றோடு வந்தாள்.

"படி."

"வீட்டை விற்றவன் அண்ணன், தெரிந்தே விற்கவிட்டவள் தங்கை."

ஸ்ரீலக்ஷ்மி வேர்க்கடலை மெல்வதை நிறுத்தினாள். "அபாண்டம். அந்தப் பொண்ணு பாவம்டி."

"எல்லாரும் அப்டிதான் சொல்வாங்க. நாலாவது அத்தியாயத்துல இன்னா பண்றா? கண்ணாடிக்குப் பின்னால வூட்ட விக்கப் போட்ட பத்திரம் கெடைக்குது. படிச்சிட்டு இருந்த எடத்துலயே வெச்சிடறா. ஒம்பதுல அண்ணன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பெட்டி கட்டிட்டா. கடைசில அவன் கேக்காமலே சாவிய நீட்றா. அவ மௌனம் கையாலாகாத்தனம் இல்லடி. முடிவு. அந்த வூட்லேர்ந்து வெளிய போவணும்னு அவளுக்கே இருந்துச்சு."

"சரி. பன்னிரண்டுல அழறாளே? அதை எங்கே கொண்டு போய் வெப்பே?"

அந்த அழுகை மூன்று வாரம் அஃப்சரைப் படுத்தியது. அதை விட்டுவிட்டு எழுதலாம். ஆனால் திருத்துகிறவர் முதலில் அங்கேதான் விரல் வைப்பார். நாலாவது வாரம் கடையில் ஒரு பச்சைத் துணியை வாசலுக்கு எடுத்துப் போனபோது பிடி கிடைத்தது. தங்கை பழைய வீட்டில் எங்கேயும் அழவில்லை. வாடகை வீட்டில், அங்கேயும் வடக்கே ஒரு சன்னல் இருப்பதைப் பார்த்துத்தான் அழுகிறாள். போன வீட்டுக்காக இல்லை. அந்த வீட்டைவிட்டு வெளியேறியதாக நினைத்தது நடக்கவில்லையே என்று. எதிர்ச்சாட்சி இப்போது அவள் பக்கம் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அஃப்சர் இதைச் சொல்லி முடித்ததும் ஸ்ரீலக்ஷ்மி வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"இல்லைன்னு சொல்லேன்."

"சொல்ல வரலைடி," என்றாள். டிக்கெட்டை வாங்கித் தன் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டாள். அஃப்சருக்கு அதைவிடப் பெரிய மார்க் யாரும் போட்டதில்லை.

தேர்வில் கேள்வி வேறு முகத்தோடு வந்தது: "தங்கையின் மௌனமே இந்நாவலின் துயரம் — விவாதிக்க." தயாரித்த வாக்கியத்தை அப்படியே இறக்கினால் கேள்விக்குப் பதிலாகாது. 'துயரம்' என்ற சொல்லை நேராகப் பிடிக்க வேண்டும். கால்மணி நேரம் யோசித்து எழுதினாள்: துயரம் அவள் மௌனமாக இருந்தது அல்ல, தெரிந்தே தேர்ந்த மௌனமும் அவளை விடுவிக்கவில்லை என்பதே. பிறகு பேனா நிற்கவில்லை.

வெளியே வந்ததும் ஸ்ரீலக்ஷ்மி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "பேனா டப்பாவை விட்டுட்டேன். நீ ஸ்டாப்புல நில்லு, தோ வரேன்." அஃப்சர் இரண்டு கொய்யா வாங்கி, மிளகாய்ப்பொடி போடச் சொல்லி, இருபது நிமிஷம் நின்றாள். இரண்டு 12பி போயிற்று. தோழி வந்தபின்தான் தன் கொய்யாவைக் கடித்தாள்.

நேர்காணலில் துறைத்தலைவர் ராமானுஜம் இரண்டு விடைத்தாள்களைப் அருகருகே வைத்திருந்தார்.

"வாதம் பிரமாதம். உன்னோடதாம்மா?"

"ஆமா சார்."

"இன்னொரு தாள்லயும் இதே இருக்கு. பத்திரம், பெட்டி, சாவி. பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குச் சொன்ன சமாதானம்கூட."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோதும் பயம் வரவில்லை. சாட்சிக்குத்தான் ஆள் இருக்கிறாளே.

"ஸ்ரீலக்ஷ்மியக் கேளுங்க சார். அவளுக்குத் தெரியும்."

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க சொல்லியாச்சும்மா. யோசிச்சது அவங்க, நீ கூட உக்காந்து கேட்டுண்டிருந்தேன்னு."

எதிரே இருந்த மூன்று பேரும் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். கிழித்த டிக்கெட்டுகள் தி. நகருக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே எங்கேயோ கிடந்தன. கிழிக்காதது ஸ்ரீலக்ஷ்மியின் புத்தகத்தில். அவள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். தான் அந்தத் தங்கைக்கு எதிராக அடுக்கிய சாட்சியங்கள் படியிறங்கும்போது ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.

பட்டியல் ஒட்டினார்கள்; அதில் ஸ்ரீலக்ஷ்மியின் பெயர். அன்று அவளே பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "நேர்காணல்ல ரெண்டு தாளையும் காமிச்சு துருவித் துருவிக் கேட்டாடி. பயந்துட்டேன். வாய்ல என்ன வந்ததுன்னே தெரியலை."

"பஸ் வருது," என்றாள் அஃப்சர்.

அதன்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பயத்துக்கு அஃப்சர் மனதில் கொஞ்சம் இடம் கொடுத்துவைத்திருந்தாள். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டால் யாருக்குத்தான் நாக்கு குழறாது? தன் நாக்கே எழவில்லையே. துணி வெட்டும்போது சில நாள் இப்படியும் தோன்றும்: பாவம், மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் டிக்கெட்டைத் திருப்புவதை மட்டும் விட்டுவிட்டாள்.

1997 தை மாதம் மகள் கல்யாணப் புடவையோடு கடைக்கு ஒருவர் வந்தார். துறையில் அட்டெண்டராக இருந்த அம்மாசி.

"இன்னா பாப்பா, இங்கதான் கீறியா? நீ பெரிய வாத்தியாரம்மா ஆயிருப்பேன்னு நெனச்சேன்."

"கலர் பாருங்கண்ணே. வெளிச்சத்துக்கு வாங்க."

வாசலில் அரக்கு நிறத்தை விரித்துக் காட்டியபோது அவர் புடவையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிடுச்சே, அதனாலதான் ஒனக்கு எடம் கெடைக்கலியா?"

"எந்தப் பொண்ணு? என்னிக்கு?"

"ஒன் ஜோடி. பரீச்சை எழுதின அன்னிக்கு. பேப்பர்லாம் நான் கட்டிக்கினு இருந்தேன், நேரா தலைவர் ரூமுக்குப் போச்சு. 'என் பாயிண்ட்டயே இன்னொருத்தியும் எழுதிருப்பா சார், பாத்துக்கோங்க'ன்னுச்சு. நான்தான் டீ வெச்சேன். ஒரு இருவது நிமிசம் இருந்திருக்கும்."