எட்டேகால் கிளப்பின் கனகலட்சுமி

கனகலட்சுமி ஸ்டாட்டிஸ்டிக்ஸில் மூன்று முறை கோட்டைவிட்டவள். நான் போட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அவளே சொல்வாள். சொல்லும்போது குரல் கொஞ்சமும் இறங்காது. எங்கள் வீட்டில் பெருமாள் பிரசாதத்தைக்கூட அவ்வளவு தெளிவாக அறிவிக்க மாட்டார்கள்.

நான் கமலினி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். அவள் ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரம். இரண்டு ஊருக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டியிருக்கும் கலைக் கல்லூரியில் பி.காம். ஒன்றாகப் படித்தோம். அவள் அப்பா விவசாயி, அண்ணன் பட்டாளத்தில். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் இவள்தான். ஏறின முதல் வருடமே அக்கவுண்டன்சியிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸிலும் சறுக்கினாள். நானும் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் விழுந்தேன். என் அப்பா வேங்கடேசன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் அப்பாவோ மறுபடி எப்போது பரீட்சை என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். அந்தக் கேள்விதான் அவளை நிமிர்த்தியது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் கல்லூரியில் முதல் மணி ஒன்பதரைக்குத்தான் அடிக்கும். ஆனால் பாஸ் செல்லுபடியாகிற அரசுப் பேருந்துகள் எட்டேகாலுக்கே பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அடுத்த வண்டியைப் பிடித்தால் முதல் பீரியட் போய்விடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர், வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, சோழபுரம் பிள்ளைகள் எல்லாரும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருப்போம். போனைத் தேய்ப்போம், ஊர்வம்பு பேசுவோம், சில பேர் தூங்குவார்கள். இரண்டாம் வருடத்தில் அக்கவுண்டன்சியை எழுதிப் பாஸானதும், ஒரு பழைய கரும்பலகையைக் கெஞ்சி வாங்கி வந்து அந்த ஸ்டாண்டின் தூணில் சாய்த்து வைத்தாள் கனகலட்சுமி. எட்டேகால் கிளப் அப்படித்தான் பிறந்தது.

கிளப்புக்கு இரண்டே சட்டம். ஒன்று, அந்தப் பாடத்தில் ஒரு தடவையாவது விழுந்து எழுந்தவர்தான் அதைச் சொல்லித்தர வேண்டும். முதல் நாளன்று எத்தனை தடவை விழுந்தேன், எந்த இடத்தில் விழுந்தேன் என்று அவரே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இரண்டாவது, தன் அரியரைத் தான் சொல்லலாம், அடுத்தவர் அரியரைக் கிளப்புக்கு வெளியே யாரும் சொல்லக் கூடாது. முதல் சட்டம் எதற்கென்று அன்று எனக்குப் புரியவில்லை, மானக்கேடாகக்கூட இருந்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸை மறுமுறை எழுதிப் பாஸாகியிருந்த நான் எழுந்து நின்று என் கதையைச் சொன்னதும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு முதலாண்டுப் பெண் அழத் தொடங்கினாள். மறுநாள் முன்வரிசைக்கு வந்து சந்தேகம் கேட்டாள். வகுப்பில் வாத்தியாரிடம் வருடம் முழுக்கக் கேட்காத சந்தேகம் அது.

சொல்லித்தருவது பாதி வேலைதான். அரியர் பீஸ் கட்டக் கடைசித் தேதியை ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் போய்ச் சொல்வது, வராமல் போன பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுவது, மழை நாளில் ஆபீசில் பேசி ஒரு ரூம் வாங்குவது, இதையெல்லாம் மாறி மாறி ஆளுக்கொரு மாதம் செய்ய வேண்டும். வாயே திறக்காத பிள்ளைக்குத்தான் முதலில் அந்த மாதத்தைக் கொடுப்பாள் கனகலட்சுமி. பேசத் தெரிந்தவன் எங்கே போனாலும் பேசிக்கொள்வான், இவனுக்குத்தானே இடம் வேண்டும் என்பாள். ஒரு வருடத்தில் காமர்ஸ் மட்டுமல்ல, கணிதம், வரலாறு, கம்ப்யூட்டர் என்று எல்லா டிபார்ட்மென்ட்டுப் பிள்ளைகளும் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். அந்த முறை முதலாண்டுத் தேர்ச்சி ஏறியதைக் கண்டு வாத்தியார்களே ஆச்சரியப்பட்டார்கள்.

அப்படி அவள் வளர்த்தவர்களில் ஒருவன் பால்பாண்டி. அது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. அவனுக்கு எத்தனை அரியர் இருந்தது என்பதையும் சொல்ல மாட்டேன். இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னதற்கே கனகலட்சுமி என்னோடு மல்லுக்கு வருவாள். எங்களுக்கு ஒரு வருடம் இளையவன், வ. புதுப்பட்டிக்காரன். வந்த புதிதில் ஆபீஸ் கிளார்க்கிடம் போனபைடு சர்டிபிகேட் கேட்கவே இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு போவான். இவள் அவனை முதலில் வந்தவர்களின் பெயர் மட்டும் வாசிக்க வைத்தாள், பிறகு போர்டில் ஒரு கணக்கு, பிறகு ஒரு மாதப் பொறுப்பு. அவன் தடுமாறினால் பக்கத்திலேயே நிற்பாள், எடுத்துக்கொடுக்க மாட்டாள். அவன் எல்லாப் பேப்பரும் முடித்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அவனோடு கேண்டீனுக்குப் போய் வடை வாங்கிக்கொடுத்தாள். கட்டுசெட்டாக இருப்பவள் வடை வாங்கிக்கொடுத்தாள் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

கடைசி வருடம் பத்ரிநாத் சார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியின் தரத்தைப் பார்க்க நாக் குழு வரப்போகிறது, அந்த வேலைகளுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர், எங்கள் கிளப் அவருக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிருந்தது. கல்லூரியின் சிறந்த நடைமுறைகளில் ஒன்றாக இதை எழுதப் போவதாகவும், கிளப்பை முறைப்படி அங்கீகரித்து செமினார் ஹால் தருவதாகவும் சொன்னார். ஒரே நிபந்தனை, எந்த மாணவர் மன்றமானாலும் பொறுப்பில் இருப்பவருக்கு நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. அது எங்களுக்காகப் போட்ட விதியல்ல, ஏற்கெனவே இருப்பது. தலைவர் முதல் அத்தனை பேரின் பெயரையும் இரண்டு நாளில் தரச் சொன்னார்.

கனகலட்சுமிக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இன்னும் நிலுவையில் இருந்தது. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதால் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. அவள் பதவிக்காகக் கவலைப்படவில்லை. இன்று அரியர் உள்ளவரை ஒதுக்கினால் நாளை விழுந்தவர்கள் கையிலிருந்தே சாக்பீஸ் போய்விடும், கிளப் இன்னொரு டியூஷன் ஆகிவிடும் என்றுதான் பயந்தாள். ஸ்டாண்டில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவள், நான், பால்பாண்டி, மூவரும் சாரிடம் போவது, மூவரும் அவரவர் அரியர் கதையைச் சொல்வது, இந்த ஒரு கிளப்புக்கு மட்டும் விதியைத் தளர்த்தும்படி கேட்பது. சார் கேட்கக்கூடியவர்தான்.

"நானும் சொல்லுதேன்க்கா, எனக்கென்ன வெக்கம்" என்றான் பால்பாண்டி.

மறுநாள் மூவரும் போனோம். கனகலட்சுமி வாயைத் திறக்குமுன் சார் எங்களை உட்காரச் சொன்னார். பால்பாண்டி நேற்று சாயங்காலமே வந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டானாம். அவளுக்கு மூன்று முறை போனது, அவள் தலைமையில் இருந்தால் குழு என்ன நினைக்கும் என்பது, தான் பொறுப்பேற்கத் தயாராக இருப்பது, தான் ஒரு பேப்பரிலும் தோற்றதில்லை என்பது, எல்லாம். சார் அவளைச் சங்கடப்படுத்தாமல் எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். அந்தப் பக்குவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பால்பாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறந்தேன். கனகலட்சுமி மேசைக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில் எனக்கு வலித்தது. விதியைத் தளர்த்த முடியுமா என்று அவள் தனியாகவே கேட்டுப் பார்த்தாள். குழு வந்துபோகட்டும், பிறகு பார்ப்போம் என்றார் சார்.

வராண்டாவுக்கு வந்ததும் "ஏம்ல?" என்று மட்டும் அவள் அவனைக் கேட்டாள். ஹால் கிடைக்க வேண்டாமா, காரியம் நடக்க வேண்டாமா, யார் தலைவராக இருந்தால் என்ன என்று அவன் கடகடவென்று பேசினான். திக்காமல், கையை நன்றாக அசைத்து, எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசினான். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

குழு வந்த அன்று மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் எங்களை ஹாலில் உட்கார வைத்தார்கள். மேடையருகே பொறுப்பாளர்கள் வரிசை, தலைவராகப் பால்பாண்டி முன்னால். மூன்றாவது வரிசையில் "பயன்பெறும் மாணவர்கள்" என்று ஓர் அட்டை. கனகலட்சுமியின் இடம் அங்கே. அவள் உண்டாக்கிய கிளப்பில் அவள் பயன்பெறும் மாணவி. குழுவில் வந்திருந்த ஒரு பேராசிரியை, யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார். நன்றாகப் படிக்கும் மாணவர்கள், பின்தங்கிய மாணவர்களைக் கைதூக்கிவிடுகிறோம் என்றான் பால்பாண்டி. உங்களுக்கு இதற்கான எண்ணம் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். தான் அரியரே வைக்காதவன் என்பதால் பின்தங்கியவர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றான்.

எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் முகத்திரை கிழிந்துவிடும். பக்கத்தில் கனகலட்சுமி, எழும்பாதே என்பதுபோலத் தலையை அசைத்தாள். அவன் அரியரை அவன்தான் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவள் அவள். எனக்கு அந்தச் சட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்தது, இன்றும் முழுதாகத் தீரவில்லை. அவன் கைதட்டல் வாங்கினான். பேராசிரியை அவன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

குழு போன பிறகு விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. செமினார் ஹாலில் ரேங்க் வாங்கும் பிள்ளைகள் சொல்லித்தந்தார்கள். நன்றாகவே சொல்லித்தந்தார்கள், குறை சொல்ல முடியாது. முதல் நாள் அரியர் சொல்லும் வழக்கத்தை, கல்லூரிக்கு நல்ல பெயர் இல்லை என்று பால்பாண்டி எடுத்துவிட்டான். ஹாலில் ஒருவரும் சந்தேகம் கேட்பதில்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள். சுடலைமாடத்தி என்று ஒரு முதலாண்டுப் பெண்ணை ஸ்டாண்டில் பார்த்து, எத்தனை பேப்பர் இருக்கிறது என்று கனகலட்சுமி கேட்டாள். அவள் சட்டென்று, எனக்கு அரியரே கிடையாதுக்கா என்றாள். அவள் விழுந்திருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கனகலட்சுமி சரி என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கடைசிப் பரீட்சையில் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் எழுதி முடித்தாள், பாஸும் ஆனாள். இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். அந்தக் கடைசிப் பரீட்சை அன்று நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது பால்பாண்டி தேடிக்கொண்டு வந்தான். அவன் சண்டைக்கு வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. நன்றி சொல்ல வந்திருந்தான்.

"அன்னைக்கு ஹால்ல நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொழப்பு நாறியிருக்கும்க்கா. ஆனா நீங்க சொல்ல மாட்டியன்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் பேசினேன்."

புகழ்ச்சியாகத்தான் சொன்னான். முகத்தில் அத்தனை மரியாதை. கனகலட்சுமி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய அம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்க" என்றாள். "எனக்குத்தாம்ல ஒன்னையத் தெரியாமப் போச்சு."

சோழபுரம் வண்டி வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.