சேமிக்காமல் மூடிய பட்டியல்

பெட்டிக்கு டேப் இழுக்கிற சத்தம். சர்ரென்று கிழிந்து, பல்லில் பட்டு அறுந்து, திரும்பவும் சர்ரென்று. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றின் வாசலில் யாரோ வெளிநாட்டுக்கு அனுப்பப் பெட்டி கட்டுகிறார்கள். வாழைப்பழம் வாங்கப் போன நான் சில்லறையைக் கையில் வைத்தபடி அப்படியே நிற்கிறேன்.  அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எனக்கு எப்போதும் ஓர் எண் கேட்கும். முந்நூற்று இருபத்திரண்டு.

நான் வேலை செய்தது கொட்டாஞ்சேனையில், மாடியில் இருந்த ஒரு சின்ன ஏற்றுமதிக் கந்தோரில். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, வடகம். ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் சனத்தின் கடைகளுக்குப் போகிற சாமான். களஞ்சியம் மட்டக்குளியில். அங்கே கொள்கலனில் பெட்டி ஏற ஏற, கணக்கெடுக்கிற தம்பி ஒவ்வொன்றின் இலக்கத்தையும் உள்ளே இருப்பதையும் நிறையையும் தொலைபேசியில் சொல்லுவான். நான் இங்கே எக்செலில் அடிப்பேன். முன்பு கடதாசியில்தான் எழுதினார்கள். ஒரு மழையில் கடதாசி கூழாகிப் போனதிலிருந்து கடதாசி இல்லை. அவனுடைய குரல், என்னுடைய விரல், அவ்வளவுதான் பதிவு.

அன்றைக்கு அவனுக்கு அவசரம். மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் அவனுடைய தாயின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருடம். ஒரே பிள்ளை. இரவு ஏழரைக்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ். வேட்டியும் சாமான்களும் அடைத்த பையைக் காலையிலேயே எங்கள் கந்தோரில் வைத்துவிட்டு, பின்னேரம் வந்து எடுப்பதாகச் சொல்லிக் களஞ்சியத்துக்குப் போயிருந்தான். நாலு மணிக்குள் பட்டியல் கப்பல் முகவருக்குப் போகவேண்டும். போனால் அவன் விடுதலை. போகாவிட்டால் கொள்கலன் நிற்கும், அவனும் நிற்பான்.

இரண்டே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. முந்நூற்று நாற்பத்தாறு.

"முடிஞ்சுது அக்கா! கதவைச் சாத்தப் போறம். சீல் வாற வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"குளிச்சிட்டு வெளிக்கிடும், தம்பி."

எவ்வளவு தாராளமாகச் சொன்னேன்.

இனி என்னுடைய விரலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பட்டியல் படிவத்தின் தலையில் அன்றைய திகதியைத் தானாகக் காட்டுகிற ஒரு சூத்திரம் இருந்தது. அதனால் பழைய பட்டியல் ஒன்றைச் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினாலும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று எக்செல் கேட்கும். சேமித்தால் பழைய திகதி போய்விடும் என்று முதலாளி ஆரம்பத்திலேயே கத்தி வைத்திருந்தார். பார்க்கத் திறந்தால் டோன்ட் சேவ். அது கந்தோரின் சட்டம். வருடக்கணக்காக அந்தப் பொத்தானை அமத்தி அமத்தி என் விரல் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சாமி படத்தைக் கண்டால் கன்னத்தில் போடுகிற கை மாதிரி, கேள்வியைக் கண்டால் டோன்ட் சேவ்.

அன்று என் திரையில் மூன்று கோப்புகள். ஒன்று போன மாதப் பட்டியல், மாதிரி பார்க்கத் திறந்தது. இரண்டாவது, அந்தப் படிவத்தைப் புதிய கோப்புக்குப் பிரதி எடுத்து அடித்த அன்றைய பட்டியல். பெயர்கூட வைக்கவில்லை, புக் வன் என்றே இருந்தது. மூன்றாவது, கொள்கலன், லொறி இலக்கங்களைப் பதிகிற பதிவுக் கோப்பு. எல்லாருமாகப் பாவிப்பது, இணையத்தில் இருப்பது, ஓட்டோ சேவ் பச்சையாக எரிவது. முதல் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே நீலத் தலைப்பு, அதே கட்டங்கள். பழையதை மூடுகிறேன் என்று மூடினேன். கேள்வி வந்தது. விரல் பதில் சொன்னது.

பதில் சொன்ன பிறகுதான் கண் பார்த்தது. போன மாதப் பட்டியல் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கணத்துக்கு ஓசை இல்லை. தெருவில் முச்சக்கரவண்டி போகிறது, கோவில் மணி அடிக்கிறது, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் என் முட்டாள்தனமும். செய்ததைத் திருப்புகிற கன்ட்ரோல் இசட் அமத்தினேன். திரும்ப அமத்தினேன். படபடவென்று கதவைத் தட்டுகிற மாதிரி ஏழெட்டுத் தரம்.

"அக்கா! அக்கா!" பக்கத்து மேசையில் ஆவண வேலை பார்க்கிற முஸ்லிம் பிள்ளை, முக்காட்டைச் சரிசெய்தபடி எழும்பிவிட்டாள். "கொள்கலன் நம்பர் என்ட ஸ்கிரீன்ல அழிஞ்சி போகுது! லொறி நம்பரும் போச்சி! என்ன செய்றீங்க?"

பதிவுக் கோப்புதான் முன்னுக்கு வந்திருந்தது. மூடிய கோப்பு தன்னுடைய அன்டூவையும் தன்னோடு கொண்டு போய்விட்டது. நான் தட்டியது வேறு வீட்டுக் கதவு. காலையில் நானே பதிந்தவற்றை நானே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்க அழிக்க ஓட்டோ சேவ் பயபக்தியோடு அந்த அழிவைச் சேமித்துக்கொண்டிருந்தது. வேண்டியதைச் சேமிக்காத உலகம், வேண்டாததை இமை மூடாமல் சேமிக்கிறது.

"கைய எடுங்க அக்கா. ஒண்டும் டைப் பண்ணாதீங்க. புதுசா ஒண்டு அடிச்சா ரீடூ போயிரும்." என் தோளுக்கு மேலால் கையை நீட்டிக் கன்ட்ரோல் வை அமத்தினாள். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. "இப்ப சொல்லுங்க. என்ன நடந்திச்சி?"

சொன்னேன்.

"சேவ் பண்ணவே இல்லியா? ஒருக்காலும்?"

"இல்லை."

"முந்நூத்திச் சொச்சம் பெட்டி அடிச்சி, பேரும் வைக்கல்லியா? அல்லாஹ்வே. கவிதை எல்லாம் பேர் வச்சித்தானே எழுதுறீங்க?"

"அதுக்கும் கடைசியிலைதான் வைக்கிறனான்."

"நல்ல வேல."

தொலைபேசி அடித்தது. அவன்தான். "அக்கா, அனுப்பீட்டியளோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். நாக்கு அதற்குக்கூட உதவவில்லை. "தம்பி, கதவு சீல் பண்ணிப்போட்டினமோ?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"பண்ண விடாதையும். லிஸ்ட் அழிஞ்சு போட்டுது. நான் சேவ் பண்ணாமல் மூடிப்போட்டன்."

 அவன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்: "போட்டுது எண்டால்? முழுக்கவோ?"

"பாத்துக்கொண்டிருக்கிறம்."

"அக்கா, முழுப் பெட்டியையும் இறக்கி ஏத்த விடியும். விளங்குதே? விடியச் சாமம் நான் ஊரிலை இறங்கவேணும். ஐயர் எட்டுக்கு வந்திடுவார். அங்கை பிண்டம் வைக்க ஆரிருக்கினம்? நீங்கள் வந்து வைக்கிறியளோ?"

  பின்னால் லொறிக்காரர் "பரக்கு வெனவா, பரக்கு வெனவா" என்று சிங்களத்தில் கத்துவது கேட்டது. நேரம் போகிறதாம். அது எனக்குத் தெரியாதா.

பக்கத்து மேசைப் பிள்ளை இதற்குள் ஃபைல், ஓப்பன் என்று போய், அண்மைக் கோப்புகளின் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தாள். அங்கே ஒரு பொத்தான். ரிகவர் அன்சேவ்ட் வேர்க்புக்ஸ். எத்தனை வருடமாக அது அங்கே இருந்திருக்கும்? தினமும் கடந்து போன ஒழுங்கையில் இப்படியொரு வாசல் இருப்பதை நான் கண்டதேயில்லை.

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அது தானா ஒரு பிரதி எடுத்து வெக்கும். சேவ் பண்ணாம மூடினாலும் கடைசிப் பிரதிய நாலு நாள் வெச்சிருக்கும். ஆனா நீங்க நிப்பாட்டாம அடிச்சிக்கிட்டு இருந்தா அது காத்துக்கிட்டு இருக்கும், கை ஓயிற நேரம்தான் எடுக்கும். எங்கயாவது நிப்பாட்டினீங்களா?"

"தேத்தண்ணிக்கு. பெட்டி ஏத்துற பொடியள் பிளேன்டீ குடிக்கப் போனவை."

"அப்ப ஆகக் கொறஞ்சது அது வரைக்கும் இருக்கோணும். ஓட்டோ சேவ் வேற, இது வேற அக்கா. அது ஒன்லைன்ல இருக்கிற ஃபைலுக்குத்தான்."

கோப்புறை திறந்தது. ஒரே ஒரு கோப்பு. புக் வன், பின்னால் பொருளற்ற நீண்ட எண். அதைத் திறந்தாள். மேலே மஞ்சள் பட்டை, மீட்கப்பட்ட சேமிக்காத கோப்பு, வாசிக்க மட்டும். நான் அடித்த வரிகள், நான் விட்ட எழுத்துப் பிழைகளோடு. என் கை தானாகக் கீழே உருட்டப் போனது.

"முதல்ல சேவ் ஆஸ்!" கையில் அடித்தாள். "இதையும் மூடி விளையாடப் போறீங்களா?"

பெயர் வைத்தோம். பதிவுக் கோப்பு இருக்கிற இடத்திலேயே வைத்தோம். பச்சை எரிந்தது. அதன் பிறகுதான் கீழே போனோம். கடைசி வரி முந்நூற்று இருபத்திரண்டு. பிளேன்டீக்கு முந்திய பெட்டி.

இருபத்துநாலு பெட்டிகள் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு தேத்தண்ணிக்குப் பிறகு நான் இன்னொரு தரம் ஓய்ந்திருந்தால். ஒருதரம் கன்ட்ரோல் எஸ் அமத்தியிருந்தால். இரண்டு விரல்.

தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். "முந்நூத்தி இருபத்திரண்டு மட்டும் இருக்கு. அதுக்குப் பிறகு ஏத்தினது இல்லை."

  அவன் யோசிக்கிறான்.

"பிளேன்டீக்குப் பிறகு ஏத்தினதோ?" என்றான். "அது கதவடியிலையெல்லே நிக்குது. கடைசியா ஏறினதுதானே முன்னுக்கு. ரண்டு வரிசை இறக்கினால் காணும்." பிறகு கோபம் திரும்பவும் ஞாபகம் வந்தவனாய், "பொடியள் குளிக்கப் போட்டாங்கள். இனி ஈரத் தலையோடை கூப்பிடவேணும். அவங்கள் என்னைத் தின்னப் போறாங்கள்."

தின்றார்கள். அதையும் கேட்டேன், தொலைபேசி வழியாக, இரண்டு மொழியிலும். பெட்டிகள் இறங்குகிற தொப் தொப். ஒன்றின் டேப் விட்டுப் போய்த் திரும்ப ஒட்டினார்கள், சர்ரென்று. பிறகு அவனுடைய குரல், இம்முறை எந்த அன்பும் இல்லாமல்.

"முந்நூத்தி இருபத்திமூண்டு. ஒடியல் மா. பதினெட்டு தசம் நாலு. சேவ் பண்ணினியளோ?"

"ஓம்."

"முந்நூத்தி இருபத்திநாலு. வடகம். பன்ரண்டு. சேவ்?"

"தம்பி, இப்ப அது தானாச் சேவ் ஆகுது."

"நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"சேவ்."

இருபத்துநாலு தரம் கேட்டான். இருபத்துநாலு தரமும் சொன்னேன். பக்கத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் பட்டியல் போனது.

வரிசையைத் திரும்ப அடுக்கி, சீல் வைத்து, லொறியை அனுப்பி முடிக்க அவனுக்கு ஆறு மணி தாண்டியது. கொட்டாஞ்சேனைக்கு வந்து பை எடுக்க நேரமில்லை. நான் கொண்டு வருகிறேன் என்றேன். எப்படியும் என் வீடு வெள்ளவத்தையில்தான். நூறாம் இலக்க பஸ்ஸில், வியர்வைக்குள் நசிந்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாரமில்லாத பை. உள்ளே மடித்த வேட்டி, தாயின் சட்டம் போட்ட படம். விளிம்பு தொடையில் குத்திக்கொண்டேயிருந்தது. நான் அதை நகர்த்தவில்லை.

யாழ்ப்பாண பஸ் இயந்திரத்தை இயக்கிவிட்டு நின்றது. அவன் களஞ்சியத்திலிருந்து நேரே வந்திருந்தான், மிளகாய்த்தூள் மணக்க. குளிக்கவில்லை. பையை வாங்கிச் சிப்பைத் திறந்து படத்தைத் தடவிப் பார்த்தான். உடையவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும், தம்பி" என்றேன்.

அவன் மன்னித்ததாகச் சொல்லவில்லை. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குப் போன் எடுக்காதையுங்கோ, அக்கா. பெட்டி கடலுக்கை விழுந்தாலும்."

"எடுக்கமாட்டன்."