ஆறு வருஷத்துக்கு ஒரே மதர்போர்டு

லென்ஸ்காரருக்கு உலகத்தில் பாதிப் பேர் அவசரக்குடுக்கைகள், மீதிப் பேர் மக்குகள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் தொழில். வீட்டில் கேம் ஆடுவார். ஆடிய நேரத்தைவிட, ஆடுகிற கம்ப்யூட்டருக்குத் திட்டம் போட்ட நேரம்தான் அதிகம்.

அவசரக்குடுக்கைகளுக்குத் தலைவன் அவர் மனைவியின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தப் பெட்டியையும் மாற்றுகிறவன். அவனை எதிரே உட்காரவைத்து வாய் கிழியப் பேசுவார்.

"பவர் சப்ளையை இப்பவே பெருசா வாங்கிடணும், பின்னாடி வர்ற கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து. போர்டு, நாளைக்கு வர்ற பிராசஸரும் அதே சாக்கெட்ல உக்கார்ற மாதிரி இருக்கணும். ஆறு வருஷத்துக்கு ஒரே போர்டு. நடக்கலைன்னா இந்த வீட்ல நான் கம்ப்யூட்டர் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"இது நல்லாருக்கே," என்றாள் மனைவி.

எந்த வருஷம் எதை வாங்குவது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மூன்று வருஷம் எல்லாம் அதன்படியே நடந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் நீளத்தைக்கூட ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் வாங்கினார். நாலாம் வருஷம் புதுப் பிராசஸர் வந்தது. பழையதை முந்தின நாளே தம்பியின் இரண்டாவது கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டிருந்தார். "உன் லெவலுக்கு இது போதும்டா."

புதியது சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் பிராசஸருக்கான சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் சாவகாசமாகக் கேட்டார்: "போர்டுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர், அந்த பயாஸை அப்டேட் பண்ணீங்களா சார்? உங்க போர்டு நாலு வருஷம் பழசு, புதுசை அதுக்கு அடையாளமே தெரியாது. பழசு மாட்டியிருந்தப்பவே பண்ணிருக்கணும். பிராசஸர் இல்லாம அப்டேட் பண்ற பட்டனும் உங்க மாடல்ல கிடையாது. பழசைக் கொண்டாங்க."

லென்ஸ்காரர் போனை வைத்தார். வேறு போர்டு வாங்கினால் மானம் போகும். தம்பியைக் கூப்பிட்டாலும் போகும். அரை மணி நேரம் யோசித்து, செலவில்லாத அவமானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

தம்பி தன் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிராசஸரை எடுத்து வந்தான். கேலி செய்வான், பதிலுக்கு எரிந்து விழலாம் என்று காத்திருந்தார். அவன் குனிந்து வேலையைத்தான் பார்த்தான். பழையதை மாட்டினான், பென் டிரைவிலிருந்து அப்டேட் ஓடவிட்டான், முடிந்ததும் கழற்றிப் புதியதை மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்தது.

"வரேன் மாமா," என்று பழையதை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவர் திரையைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

அவன் படியிறங்கியதும் நோட்டைத் திறந்து, நாலாம் வருஷத்தின் இடுக்கில் பொடி எழுத்தில், 'பயாஸ் அப்டேட், அரை மணி நேரம்' என்று எழுதி டிக்கும் போட்டார். ஏதோ ஆதியிலிருந்தே அங்கே இருந்த மாதிரி.

மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"திட்டம் பலிச்சுதா இல்லையா? அதே போர்டுதானே?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.