கணக்கு அக்காவோட ஏழு சதவீதம்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இந்தக் கதையில பாதிக் கெடுதல் அதாலதான் வந்துச்சு. மீதிப் பாதி, அளக்கத் தெரியாமலே அளந்துட்டோம்னு நான் நினைச்சதால வந்துச்சு.

நான் பஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் பிரிவுல இருக்கேன். பதினோரு டிப்போ. நாளைக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எந்த பஸ்ல, எத்தனை மணிக்குன்னு தினமும் டியூட்டி லிஸ்ட் போடற புரோகிராம் எங்களோடது. காலையில பதினொரு மணிக்கு லீவு விவரமெல்லாம் வந்து சேரும். உடனே புரோகிராமை ஓட விடுவோம். அஞ்சு மணி நேரம் ஓடும். நாலு மணிக்கு லிஸ்ட் வெளிய வரும். அது வரைக்கும் டியூட்டி முடிஞ்ச டிரைவருங்க எங்க ஜன்னலுக்குக் கீழ இருக்கற பெஞ்சுல உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. நாளைக்கு விடிகாலை வண்டியா, மத்தியான வண்டியான்னு தெரிஞ்சாத்தானே வீட்டுக்குப் போய்த் தூங்கவோ, புள்ளையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவோ முடியும்?

அந்தப் புரோகிராமோட நடுப்பகுதியை எழுதினவங்கதான் கணக்கு அக்கா. ஆளையும் வண்டியையும் பொருத்திப் பார்க்கற ஃபங்ஷன். ஆயிரத்து நூறு வரி. பார்த்தாலே தலை சுத்தும். அக்கா குட்டையா இருப்பாங்க. கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுட்டு அதையே மேஜையெல்லாம் தேடுவாங்க. டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்ததும், "யாருக்கு வேணும், சீக்கிரம் சொல்லுங்க, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது"ன்னு அறை முழுக்கக் கேட்கற மாதிரி சொல்லிட்டுத்தான் சாப்பிடுவாங்க. இன்னொண்ணு, அவங்க வீட்டுக்காரரும் எங்க கார்ப்பரேஷன்லயே டிரைவர். அந்தப் பெஞ்சுலதான் அவரும் உட்கார்ந்திருப்பார். நாங்க அவரை அண்ணன்னு கூப்பிடுவோம்.

நான் எழுதினது ரொம்பச் சின்ன வேலை. ஒரு டிரைவருக்கு ரெண்டு டியூட்டிக்கு நடுவுல போதுமான ஓய்வு இருக்கான்னு சரிபார்க்கற ஃபங்ஷன். இருபது வரி. ஒரு மத்தியானத்துல எழுதி முடிச்சுட்டுக் காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சார். லிஸ்ட் லேட்டா வருதுன்னு டிரைவருங்க சங்கத்துல இருந்து புகார் போயிருக்கு. "யாரோட புரோகிராம் கோடு நேரத்தை இழுக்குதோ, அவங்க இந்தப் பிரிவுல இருக்க வேண்டாம்"னுட்டார். நான் கான்ட்ராக்ட் ஆள். அந்த மாசக் கடைசியிலதான் புதுப்பிக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. வீட்டுல மனைவிக்கு ஏழாம் மாசம்.

ஆனா நான் தயாராத்தான் போயிருந்தேன். அக்கா ஃபங்ஷன் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னு நேரத்தைக் குறிச்சு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு போகுதுன்னு பார்த்து வெச்சிருந்தேன். "சார், மொத்த நேரத்துல எண்பத்தெட்டு சதவீதம் பொருத்தற ஃபங்ஷன்லதான் போகுது"ன்னு பெருமையாச் சொன்னேன். கையும் களவுமா பிடிச்ச மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். வெட்கங்கெட்டவன்.

அக்கா கோபப்படலை. நெத்தியில இருந்த கண்ணாடியைக் கீழ இறக்கி, "அது சரிப்பா, உள்ள அது யாரையெல்லாம் கூப்பிடுதுன்னு பார்த்தியா?"ன்னு கேட்டாங்க.

"உள்ள என்னக்கா இருக்கு? எல்லாம் திரும்பத் திரும்பச் சுத்தற உங்க லூப்புதான்."

மேனேஜர் சிரிச்சார். மத்தவங்களும் சிரிச்சாங்க.

புதன்கிழமை அக்கா என் மேஜைகிட்ட வந்தாங்க. பக்கத்துல யாரும் இல்லையான்னு பார்த்துட்டு, மெதுவா, "புரொஃபைலர் ஒண்ணு போட்டு, எந்த ஃபங்ஷன்ல நேரம் போகுதுன்னு பாரேன். பதினோரு டிப்போவும் வேண்டாம், ஒரு டிப்போ டேட்டா போதும். உன் ஃபைலையும் சேர்த்துப் பாரு"ன்னாங்க.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "என் இருபது வரி மேல பழியைத் தூக்கிப் போடப் பார்க்கறீங்களா?"ன்னு அறை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அக்கா திரும்பி அவங்க இடத்துக்குப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை மாறுதல் ஆர்டர் வந்துச்சு. அக்காவை டிக்கெட் ரோல் ஸ்டோருக்கு அனுப்பிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் கோடு எழுதின கைக்கு ரோல் எண்ணற வேலை. அன்னைக்கே அவங்க லாகினையும் மூடிட்டாங்க. மாசக் கடைசியில என் கான்ட்ராக்ட் புதுப்பிச்சாச்சு. அக்காவோட ஆயிரத்து நூறு வரியையும் என் தலையிலயே கட்டினாங்க. நானும் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அக்காவை கேன்டீன்ல பார்த்தா நான் வேற மேஜைக்குப் போயிடுவேன். ஒரு நாள் தப்பிக்க முடியலை. எதிர்ல வந்து உட்கார்ந்துட்டாங்க. எனக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு.

"அளந்தியாப்பா?"ன்னாங்க.

"அக்கா, கோடை நாங்க பார்த்துக்கறோம். நீங்க ரோலை எண்ணுங்க."

அப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தலை. அக்கா டிபன் பாக்ஸை மூடினாங்க. "பொண்ணு தூங்க விடறாளா?"ன்னு கேட்டாங்க. "எங்கக்கா"ன்னேன். "அப்படித்தான், ஆறு மாசத்துக்கு அப்படித்தான்"னு சொல்லிட்டு எழுந்து போனாங்க.

அதுக்கு ஆறாவது வாரம், ஒரு காலையில, வீட்டுல டீ போட்டுக்கிட்டு இருந்த அக்கா அப்படியே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. நான் அவங்க வீட்டுக்குப் போனேன். உள்ள போக மனசு வரலை, வாசலோட திரும்பி வந்துட்டேன்.

அஞ்சு மாசம் மண்டை காய அக்காவோட ஃபங்ஷனைப் புதுசா எழுதினேன். பழசை விட மூணு மடங்கு வேகம். தனியா ஓட்டிப் பார்த்தப்ப எனக்கே கைதட்டிக்கணும் போல இருந்துச்சு. முழுசா ஓட விட்டேன். நாலே முக்கால் மணி நேரம். அஞ்சு மணி நேரத்துல மொத்தமே கால் மணி நேரம்தான் குறைஞ்சிருந்துச்சு. மூணு மடங்கு வேகம் எங்கய்யா போச்சு?

அன்னைக்குத்தான், எரிச்சல்ல, புரொஃபைலரைப் போட்டேன். ஒரே ஒரு டிப்போவுக்கு. ஒவ்வொரு ஃபங்ஷனையும் எத்தனை தடவை கூப்பிட்டாங்க, அதோட சொந்த வரிகள்ல மட்டும் எவ்வளவு நேரம் போச்சு, அது கூப்பிட்ட மத்த ஃபங்ஷன்களையும் சேர்த்தா எவ்வளவுன்னு அது தனித்தனியா பிரிச்சுக் காட்டும். சொந்த நேரமும், சேர்த்த நேரமும் வேற வேற. நான் மீட்டிங்ல சொன்னது சேர்த்த கணக்கு. அக்கா வீட்டுக்குள்ள நுழைஞ்ச எல்லாரோட நேரத்தையும் அக்கா தலையிலயே எழுதியிருக்கேன்.

சொந்த நேரத்தை வெச்சு வரிசைப்படுத்தினேன். முதல் வரியில என் ஃபங்ஷன். மொத்த நேரத்துல எண்பத்தஞ்சு சதவீதம்.

நாலு லட்சம் தடவை கூப்பிட்டிருக்கு. கூப்பிடற ஒவ்வொரு தடவையும், ஓய்வு விதிகள் இருக்கற ஃபைலைத் திறந்து, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சு, எழுத்தா இருக்கற மணியையெல்லாம் நேரமா மாத்தி, ஒரே ஒரு பதிலைச் சொல்லிட்டு, படிச்சது அத்தனையையும் தூக்கிப் போட்டுடுது. அடுத்த தடவை மறுபடி முதல்ல இருந்து. விதி எதுவும் மாறலை. ஒரு தடவை படிச்சு ஞாபகத்துல வெச்சுக்கிட்டாப் போதும். அக்கா ஃபங்ஷன் அதோட லூப்புக்குள்ள என் ஃபங்ஷனைத்தான் ஓயாம கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

மாத்தறதுக்கு முன்னால, என் ஃபைலை வேற யாராவது எப்பவாவது தொட்டிருக்காங்களான்னு பழைய பதிவுகளைத் தேடினேன். அக்கா பேர்ல ஒரு திருத்தம் இருந்துச்சு. புரோகிராமோட ஒரு தனி நகல்ல, யாருக்கும் அனுப்பாம. மீட்டிங் நடந்த திங்கட்கிழமைக்கு மறுநாள் தேதி. என் ஃபைல்ல நாலே வரி மாத்தியிருந்தாங்க. கூடவே புரொஃபைலர் முடிவும் இருந்துச்சு. ஓய்வு சரிபார்ப்பு எண்பத்தொண்ணு சதவீதம். பொருத்தற ஃபங்ஷன், சொந்த நேரம், ஏழு சதவீதம். ரெண்டையும் கூட்டினா நான் பெருமையாச் சொன்ன எண்பத்தெட்டு.

கீழ அக்கா ஒரு குறிப்பு எழுதியிருந்தாங்க. "ஃபைல் அவனோடது. அவனே பார்த்து மாத்தினாத்தான் நல்லது. கான்ட்ராக்ட் முடிவாகற வரைக்கும் இதை மேல அனுப்ப வேண்டாம்."

நான் மேஜை மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதேன். பக்கத்துல இருந்தவங்க புரோகிராம் போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க.

அக்காவோட அந்த நாலு வரியைத்தான் போட்டேன், என்னோடது எதையும் சேர்க்கலை. மறுநாள் பதினொரு மணிக்கு ஓட விட்டா, முக்கால் மணி நேரத்துல முழு லிஸ்டும் வந்துடுச்சு. மேனேஜர் என் தோளைத் தட்டினார். "சார், தப்பு என்னோடது. அக்காவோடது ஏழு சதவீதம்தான்"னேன். அக்காவோட புரொஃபைலர் முடிவையும் என்னோடதையும் அச்செடுத்த ரெண்டு தாளைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "சரி விடுப்பா. ஆளே இல்லை, இனி இதைக் கிளறி என்ன பண்ண"ன்னுட்டார்.

நான் விடலை. ரெண்டு தாளையும் எடுத்துக்கிட்டுக் கீழ பெஞ்சுக்குப் போனேன். மத்த டிரைவருங்க லிஸ்ட்டைப் பார்த்துட்டு அப்பவே கிளம்பிட்டாங்க. அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். நேரம் குறிச்சது, கத்தினது, கேன்டீன்ல சொன்னது வரைக்கும் எதையும் மறைக்கலை. அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் போனேன்.

அண்ணன் அக்காவோட தாளை வாங்கினார். "இதுல அவ எங்க இருக்கா?"

அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"ஏழா?"

"ஏழுதான் அண்ணே."

அவர் விரலை அங்கேயே வெச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார். "நானும் திட்டினேன் தம்பி. இங்க எல்லாரும் என் முன்னாலயே அவளைப் பேசுவாங்க. அந்த ஆத்திரத்துல வீட்டுக்குப் போய், உன்னால எத்தனை பேர் காத்துக் கிடக்கறாங்க, ஒழுங்கா எழுதத் தெரியலைன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். சரி பண்ணிடுவாங்கன்னு மட்டும் சொன்னா. தன் தப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை எங்கிட்டகூடச் சொல்லலை."

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்துச்சு. "அண்ணே, லிஸ்ட் வந்துடுச்சே. நாளைக்கு உங்களுக்கு மத்தியான வண்டி. நீங்க வீட்டுக்குப் போகலாமே"ன்னேன்.

"பார்த்தேன்"னார். தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணப் போறேன் தம்பி?"

அவர் நாலு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தார். நானும் மேல போகலை.