கம்பத்தில் நான் உட்காராத காரணம்

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். தேனியில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் திருமணப் பேச்சு நடந்தாலும் முதல் நாற்காலி எனக்குப் போடப்படும். மூன்று மணி நேரம் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பேன். அதைப் பிறர் வியந்து பேசுவது எனக்குப் பிடிக்காமலும் இல்லை. எழுபதாவது வயதில் மகன் வாங்கித் தந்த உடற்பயிற்சி சைக்கிளைத் தினமும் ஒரு மணி நேரம் மிதித்தேன். அந்தச் செய்தியையும் தெருவுக்குப் பரப்பியவன் நானே.

சைக்கிள் வந்து எட்டு மாதமானபோது, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட இடத்தில், வலப்புறமாக ஓர் எரிச்சல் தொடங்கியது. சில வேளைகளில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று ஒரு கோடு ஓடும். ஆய்வகத்தில் பலமுறை மின்னதிர்ச்சி பட்டவன் என்பதால் இந்த உவமையைப் பொறுப்புடன்தான் சொல்கிறேன்.

சொல்லக் கூசும் இடம். மனைவியிடமும் பாதிதான் சொன்னேன். மூலம் என்று நினைத்து அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனேன்; மூலம் இல்லை என்றார். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று இன்னொருவர் மாத்திரை எழுதினார். பரிசோதனையில் தொற்றும் இல்லை, மாத்திரையால் பயனும் இல்லை.

பழைய பழக்கத்தால் ஒரு நோட்டில் கவனித்ததையெல்லாம் எழுதத் தொடங்கினேன். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வலி ஏறுகிறது. எழுந்தால் இறங்குகிறது. படுத்தால் அநேகமாக இல்லை. தூக்கத்தைக் கெடுப்பதே இல்லை. இவற்றுக்கெல்லாம் முரணாக ஒன்று: மேற்கத்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் வலிக்கவில்லை! அதுவும் உட்காருவதுதானே? வேதனையை மறந்து இந்தப் புதிரில் நான் சில நாள்கள் மூழ்கிக் கிடந்தேன் என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும்.

அந்த நாள்களில்தான் பேத்திக்குக் கம்பத்தில் வரன் அமைந்தது. பையனின் தந்தை திராட்சை விவசாயி. பையனும் பேத்தியும் ஒருவரையொருவர் விரும்பியே இந்தப் பேச்சு வந்தது. வீடு பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுப் பெரியவர் இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம்; நனைக்காமல் திரும்பினால் மறுப்பு. வழியெல்லாம் காரில் உட்கார்ந்ததில் வலி உச்சத்தில் இருந்தது. நான் உட்காரவில்லை. மாடியையும் தோட்டத்தையும் நின்றபடியே பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மைத்துனர் வந்தார்.

"வந்தாக, நின்னாக, போயிட்டாக. எங்க வீட்டு நாற்காலியில முள்ளா கெடக்குன்னு கம்பத்துக்காரவுக கேக்குறாக மச்சான். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லலேன்னா வேற எடம் பாத்துக்கிறாகளாம்."

"எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள்."

"என்ன உடம்புன்னு கேட்டா?"

உள்ளே பேத்தி சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

அறுவை சிகிச்சை மருத்துவரிடம் மறுபடி போனேன். மதுரையிலிருந்து வாரம் இருமுறை தேனிக்கு வரும் வலி மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் பெண் என்பது அறைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

"உக்காராதீங்க சார், நின்னே சொல்லுங்க," என்றார். ஆறு மாதத்தில் என்னை உட்காரச் சொல்லாத முதல் மனிதர்.

நோட்டைக் கொடுத்தேன். படித்துக்கொண்டே கேட்டார்: "ராத்திரி வலி எழுப்பி விடுதா?"

"இல்லை."

"டாய்லெட் சீட்ல?"

நான் திடுக்கிட்டேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த பக்கத்தில்தானே எழுதியிருக்கிறேன்?"

சிரித்தார். "அதுல நடுவுல ஓட்டை இருக்குல்ல சார். எடை ரெண்டு பக்கமும் எலும்புல எறங்கிரும். நடுவுல அழுத்தம் இல்ல."

ஒரு காகிதத்தில் இடுப்பெலும்பை வரைந்தார். முதுகுத்தண்டின் அடியிலிருந்து வரும் புடெண்டல் என்னும் நரம்பு, இரண்டு தசைநார்களுக்கு இடையே நுழைந்து அந்தப் பகுதிக்கு வருகிறது. அங்கே அது நெருக்கப்பட்டாலோ உராய்ந்தாலோ இப்படி எரியும். "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்றார். தெருவுக்கே சொன்ன செய்தியை அவரிடம் தலையசைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

செவிலியர் உடனிருக்கச் சோதித்தார். பஞ்சால் தொட்டார், உணர்ச்சி குறைந்திருக்கவில்லை. மரத்துப் போயிருந்தால் வேறு நோயைத் தேட வேண்டியிருக்கும் என்றார். கையுறை விரலால் உள்ளே வலப்புற எலும்பு முனையருகே அழுத்தியபோது அதே மின்சாரம் ஓடியது. கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு சோதனை. அந்த நரம்பருகே மரக்க வைக்கும் ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்ப்பது.

"இது வைத்தியம் இல்ல சார், அடையாளம் பாக்குறது. சில மணி நேரத்துல மருந்தோட வேகம் எறங்கிரும்."

சில மணி நேரம்! எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. ஊசியை ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் காலையில் போட்டுக்கொண்டேன். ஸ்கேன் கருவியில் நரம்பின் இடத்தைப் பார்த்தபடி ஒன்பது மணிக்கு ஊசி இறங்கியது. கால் தள்ளாடவில்லை என்பதையும் சிறுநீர் தடையின்றிப் போகிறது என்பதையும் பார்த்த பின், மர நாற்காலியில் உட்காரச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். வலி இல்லை. நரம்பு அதுதான் என்று அவர் எழுதினார்; நானும் நோட்டில் எழுதினேன்.

மைத்துனர் காரை ஓட்ட, பின்னிருக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி கம்பம் போனேன். பன்னிரண்டரைக்குச் சேர்ந்து ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையனின் தந்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் பையனின் பெரியப்பா பக்கத்துக் கூடலூரிலிருந்து வர வேண்டுமாம். அவர் வந்து இலை போட்டபோது இரண்டரை. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கையில் முதல் கோடு சுரீரென்றது. ரசத்துக்குப் பொறுத்தேன். மோர் வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

பந்தி நின்றது. "பாதி எலையில எந்திரிக்கிறாகளே!" என்றார் பெரியப்பா.

பேத்தி குழாயைத் திறந்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. எச்சில் கையோடு நின்றபடி, வகுப்பில் சொல்வதுபோல் முழுவதும் சொன்னேன்: எந்த இடம், எந்த நரம்பு, எந்தச் சைக்கிள்.

பையனின் தந்தை எழுந்தார். பிறகு தம் இலையை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு அருகில் நெஞ்சுயரம் இருந்த அலமாரியின் மேல் வைத்தார்.

"அய்யா, இதைச் சொல்ல இம்புட்டு நாளா? வாங்க, இங்கன நின்னுக்கிட்டே சாப்புடுவோம். ஏலே, அய்யாவுக்கு மோர ஊத்து!"

பெரியப்பா விடவில்லை. "அப்ப கை நனைச்சது கணக்குல வருமா, வராதா?"

"நனைஞ்சிருச்சில்ல?" என்றார் என் மைத்துனர்.

திருமணம் தையில் நடந்தது. தாம்பூலம் மாற்றியபோது நடுவில் ஓட்டை விட்டு வெட்டிய மெத்தையில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் இரவில் ஒரு மாத்திரையும் தொடர்கின்றன. வலி பாதியாகியிருக்கிறது.

ஊசி போட்டு நான் குணமானேன் என்று தேனியில் சொல்கிறார்கள். அது தவறு. ஊசி நோயை அடையாளம் காட்டியது, அவ்வளவே. முதல் தடவை நான் அந்த வீட்டை மதிக்காமல் நின்றேன் என்று கம்பத்தில் இன்னும் சிலர் சொல்வதாகக் கேள்வி. அதுவும் தவறு. நாற்காலிகள் நன்றாகவே இருந்தன.